சப்ளையர் தாமத வட்டி கேட்டால், பில் தேதியையும் கிரெடிட் நாளையும் வைத்து மறுப்பது எப்படி

கேள்வி: "திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறோம். எங்களுக்கு அட்டைப்பெட்டி போடும் சப்ளையர், போன வருஷ பில்களுக்கெல்லாம் லேட்டாகப் பணம் கொடுத்தோம் என்று 24% வட்டி போட்டு டெபிட் நோட் அனுப்பியிருக்கிறார். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பிஓவில், சரக்கு வந்த நாளிலிருந்து 45 நாள் கிரெடிட் என்று தெளிவாக இருக்கிறது. அவர் பில்லின் அடியில் 30 நாள், தாண்டினால் 24% என்று அச்சடித்திருக்கிறது, சிறுதொழில் பதிவான உத்யம் நம்பரும் போட்டிருக்கிறார். இதை எப்படி மறுத்து எழுதுவது?"

முதலில் அவர் அனுப்பிய வட்டிக் கணக்குத் தாளை எடுத்து, நாள் எண்ணிக்கை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் பாருங்கள். தொகை, சதவீதம் எல்லாம் அப்புறம். இந்த மாதிரிக் கேட்புகளில் பெரும்பாலானவை பில் தேதியிலிருந்தே நாள் எண்ணியிருக்கும், கிரெடிட் நாள் ஒன்றுகூடக் கழிபட்டிருக்காது. சப்ளையர் வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்க வேண்டாம். டாலியில் உங்கள் லெட்ஜரில் `Default Credit Period` காலியாக இருந்து, பில் போடும்போதும் யாரும் கிரெடிட் நாளை அடிக்காமல் விட்டால், டாலிக்குப் பில் தேதிதான் கெடு தேதி. வருஷக் கடைசியில் வட்டி ரிப்போர்ட்டை எடுத்தால் அது பில் தேதியிலிருந்து வட்டி போட்டுக் கொடுக்கும், அக்கவுண்டன்ட் அதை அப்படியே பிரின்ட் எடுத்து அனுப்பிவிடுவார். அவருடைய 30 நாளைக்கூடக் கழிக்காமல் கணக்குப் போட்டிருந்தால், உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அங்கேயே தயார்: "உங்கள் பில்லிலேயே 30 நாள் என்று இருக்கிறது, நீங்கள் அனுப்பிய கணக்கில் அதுவும் இல்லை."

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று தேதிகளைக் கண்டுபிடித்து ஒரே வரியில் வைக்க வேண்டும்: பில் போட்ட தேதி, சரக்கு உங்கள் கேட்டுக்குள் வந்த தேதி, பணம் போன தேதி. நடுவில் உள்ள தேதியோடு 45 நாளைக் கூட்டினால் கெடு தேதி வந்துவிடும். பொத்தாம் பொதுவாக "நாங்கள் எப்போதும் நேரத்துக்குக் கொடுத்திருக்கிறோம்" என்று எழுதுகிற கடிதத்துக்கு மதிப்பே இல்லை, அதை யாரும் எழுதலாம்.

உங்கள் பில்கள் என்னிடம் இல்லை, அதனால் நாலு பில்லை நானே எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பிஓ தேதி 2025 ஜூன் 2 என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர் நாலு பில்லுக்கும் சேர்த்து, பில் தேதியிலிருந்து பணம் வந்த நாள்வரை 24% போட்டு 27,929 ரூபாய் கேட்கிறார்.

| பில் | பில் தேதி | தொகை (ரூ.) | சரக்கு வந்தது | கெடு | பணம் போனது | தாமதம் |
|---|---|---|---|---|---|---|
| 118 | 10.06.2025 | 1,84,000 | 12.06.2025 | 27.07.2025 | 25.07.2025 | இல்லை |
| 141 | 30.06.2025 | 2,36,000 | 09.07.2025 | 23.08.2025 | 22.08.2025 | இல்லை |
| 167 | 28.07.2025 | 1,42,000 | 30.07.2025, மாற்றுச் சரக்கு 18.08.2025 | 02.10.2025 | 30.09.2025 | இல்லை |
| 203 | 01.09.2025 | 2,10,000 | 02.09.2025 | 17.10.2025 | 31.10.2025 | 14 நாள் |

முதல் பில் சுலபம். ஜூன் 12 சரக்கு வந்தது, "வந்த நாளிலிருந்து 45 நாள்" என்றால் வந்த நாளை எண்ணக் கூடாது, ஜூன் 13தான் முதல் நாள், ஆக ஜூலை 27 கெடு. ஜூலை 25 பணம் போய்விட்டது. அவர் கணக்கில் இதற்கு 45 நாள் வட்டி, 5,444 ரூபாய். நீங்கள் இரண்டு நாள் முன்னாலேயே கொடுத்த பணத்துக்கு வட்டி கேட்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது பில்லில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஜூன் 30 தேதியிட்ட பில். காலாண்டு முடிகிற நாள் என்றால் விற்பனையைக் காட்டுவதற்காகப் பில்லை முதலில் போட்டுவிட்டு, சரக்கை ஒரு வாரம் கழித்து ஏற்றுவது நம் ஊரில் சகஜம். பில் தேதியிலிருந்து பார்த்தால் 53 நாள் ஆகியிருக்கிறது, 45ஐத் தாண்டிவிட்டது. சரக்கு வந்த ஜூலை 9 முதல் பார்த்தால் 44 நாள்தான். எந்தத் தேதி சரி என்பது பிஓவின் வாசகத்தில் இருக்கிறது, அதை நிரூபிப்பது உங்கள் கையில் இருக்கிறது. கேட் என்ட்ரிப் பதிவேட்டில் வண்டி எண்ணோடு ஜூலை 9 இருக்க வேண்டும், சரக்கு வந்ததற்கு நீங்கள் போடும் ரசீதான ஜிஆர்என் அதே தேதியில் இருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் காகிதம், நீங்களே எழுதிக்கொண்டது என்று அவர் சொல்லலாம். ஆனால் இ-வே பில் அவர் போட்டது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற சரக்குக்கு இ-வே பில் வேண்டும், அதில் வண்டி எண் ஏற்றிய தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். ஜூலை 8 சாயங்காலம் வண்டி எண் ஏறியிருக்கிறது என்றால் ஜூன் 30 அன்று சரக்கு அவர் குடோனை விட்டே கிளம்பவில்லை. அதற்கு மேல் இந்தத் தேதியில் வாதாட அவருக்கு ஒன்றும் இருக்காது. அதனால் ஜிஆர்என் கோப்பில் இ-வே பில் பிரதியையும் சேர்த்துக் குத்தி வைக்கிற பழக்கம் நல்லது. இல்லையென்றால் போர்ட்டலில் இருந்து இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். ஜூலை 30 பெட்டிகள் வந்தன, பெட்டிமேல் அச்சடித்திருந்த ஷிப்பிங் மார்க் முழுக்கத் தப்பு, அந்த லாட்டை அப்படியே திருப்பி அனுப்பி, ஆகஸ்ட் 18 டெலிவரி சலானில் மாற்றுச் சரக்கு வந்தது. பில் மட்டும் பழைய பில்தான். அவர் கணக்கில் 64 நாள். ஜூலை 30 முதல் எண்ணினாலும் கெடு செப்டம்பர் 13, நீங்கள் கொடுத்தது செப்டம்பர் 30, 17 நாள் தாமதம். ஆனால் சட்டம் இங்கே உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 என்ன சொல்கிறதென்றால், சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்தக் குறையை சப்ளையர் சரிசெய்த நாள்தான் ஏற்பு நாள். நாள் எண்ணிக்கை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆகஸ்ட் 18 முதல் 45 நாள் என்றால் அக்டோபர் 2. "எழுத்தில்", "15 நாளுக்குள்" என்ற இரண்டையும் கவனியுங்கள். ஆகஸ்ட் 4 அன்று போட்டோவோடு ஒரு மெயில் போயிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். போனில் கத்தியது கணக்கில் வராது. வாட்ஸ்ஆப் செய்தி ஒன்றுமில்லாததற்கு மேல், அவர் அதற்கு "சாரி சார், மாத்தித் தர்றோம்" என்று பதில் போட்டிருந்தால் நல்ல சாட்சியும்கூட, இருந்தாலும் மெயில்தான் உறுதி. இன்னொன்று, 2,000 பெட்டியில் 100 பெட்டி நைந்திருந்தது என்பதற்காக முழு பில்லின் கெடுவையும் தள்ளிப்போட முடியும் என்று நினைக்காதீர்கள். நல்லதாக வந்ததை நீங்கள் எடுத்துப் பயன்படுத்திவிட்டீர்கள், அந்தப் பங்குக்கு வந்த நாள்தான் கணக்கு என்று எதிர்த்தரப்பு சொல்லும், அது நியாயமான வாதம்.

நாலாவது பில்லில் நீங்கள் தாமதம். அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். நாலு பில்லையும் மறுத்து எழுதினால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் அவர் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார். அக்டோபர் 20 தீபாவளி, போனஸ் நெருக்கடி, பேங்க் லீவு என்றெல்லாம் காரணம் எழுத வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது, லீவு என்பது இனிமேல் காரணமே இல்லை. 14 நாள் தாமதம் என்று ஒரே வரியில் எழுதி, அதற்கு உண்டான வட்டி எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக் காட்டுங்கள்.

எந்த சதவீதத்தில் கணக்கிடுவது? இங்கேதான் அவருடைய உத்யம் நம்பர் வருகிறது. அவர் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் 2006 சட்டத்தின் 16வது பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2025 அக்டோபரில் பேங்க் ரேட் 5.75%, மூன்று மடங்கு 17.25%. 2,10,000 ரூபாய்க்கு 14 நாள் என்றால் 1,389 ரூபாய். ஒரு மாதம் ஆகாததால் கூட்டுவட்டி சேராது. 27,929 கேட்ட இடத்தில் 1,389.

நடுத்தர நிறுவனமாக இருந்தால் இந்தப் பிரிவு அவருக்குக் கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், தாமத வட்டிப் பாதுகாப்பு குறு, சிறு சப்ளையருக்கு மட்டும்தான். அதேபோல அவர் பெட்டியைத் தானே தயாரிக்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்று உத்யம் சான்றிதழில் பாருங்கள். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைப்பதற்காக மட்டும், தாமத வட்டிக்காக இல்லை. பதிவு எந்தத் தேதியில் ஆனது என்பதும் முக்கியம். சரக்கு போட்ட பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கு வட்டி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021லும் 2022லும் சொல்லியிருக்கிறது. பின்னால் 2025ல் வந்த ஒரு தீர்ப்பு இந்த விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருப்பதால், இதை ஒரு கூடுதல் வாதமாக வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தையே இதன்மேல் நிறுத்த வேண்டாம்.

உத்யம் பாதுகாப்பு இல்லாத சப்ளையர் என்றால் பில் அடியில் உள்ள 24% என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பிஓ முதலில் போனது, அவர் அதை ஏற்றுச் சரக்கு அனுப்பினார், ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு சரக்கோடு வந்த காகிதத்தில் ஒருதலையாக அச்சடித்து ஏற்கெனவே பேசி முடித்த நிபந்தனையை மாற்ற முடியாது. இது நல்ல வாதம். ஆனால் இரும்புக் கவசம் இல்லை. பல வருஷமாக அதே வாசகம் அச்சடித்த பில்களை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, "மேற்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று இருக்கிற இடத்துக்குக் கீழே உங்கள் ஸ்டோர் ஆள் கையெழுத்தும் ரவுண்ட் சீலும் போட்டுக் கொடுத்திருந்தால், மௌனமாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று சொல்ல இடம் கிடைக்கிறது. வழக்குக்கு வழக்கு இது மாறும். அதனால் இனி சரக்கு வாங்கும்போது சீலுக்குப் பக்கத்தில் "எண்ணிக்கை மட்டும் சரிபார்க்கப்பட்டது, நிபந்தனை பிஓபடி" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிடச் சொல்லுங்கள், நூறு இருநூறு ரூபாய் செலவு. வட்டி விகிதம் எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று ஆகிவிட்டால், 1978 வட்டிச் சட்டத்தின்படி நீதிமன்றம் கொடுக்கக் கூடிய வட்டி வங்கி டெபாசிட் வட்டி அளவைத் தாண்டாது, 24% பக்கம்கூட வராது.

இப்போது உங்களுக்கு எதிராக இருக்கக் கூடிய விஷயம், இதைத்தான் கடிதம் அனுப்புவதற்கு முன் நிதானமாகப் பார்க்க வேண்டும். 45 நாள் என்பது உண்மையில் எழுத்தில் "ஒப்புக்கொள்ளப்பட்டதா"? 2006 சட்டத்தின் 15வது பிரிவு மூன்று விஷயம் சொல்கிறது. எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதி இருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் கொடு. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் ஏற்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் கொடு. எழுத்தில் எவ்வளவு ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. அதாவது வாய்ப்பேச்சில் 45 நாள் என்று பேசியிருந்தால், குறு, சிறு சப்ளையரிடம் உங்கள் கிரெடிட் 15 நாள்தான், 45 இல்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது, "45 நாள் சட்டம்" என்றே கேள்விப்பட்டிருப்பதால் 45 தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். பிஓவில் 60 நாள், 90 நாள் என்று போட்டு சப்ளையர் கையெழுத்தே போட்டிருந்தாலும் 46வது நாளிலிருந்து வட்டி ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் பிஓ சரக்கு வந்த நாளிலிருந்து 45 என்று இருப்பதால் சட்டத்தின் எல்லையில் சரியாகப் பொருந்துகிறது, அந்த வகையில் அதிர்ஷ்டம்.

மிச்சமிருப்பது அவர் அதை ஏற்றார் என்பதற்கு எழுத்து. பிஓ நீங்கள் அனுப்பியது, அதில் அவர் கையெழுத்து இல்லை என்று அவர் ஆரம்பிப்பார். அதற்கு மூன்று இடத்தில் தேடுங்கள். பிஓ போன மெயிலுக்கு "ரிசீவ்டு, கன்பர்ம்டு" என்று அவர் ஆபீஸிலிருந்து ஒரு வரி பதில் வந்திருக்கும். அவர் பில்லிலேயே "பையர்ஸ் ஆர்டர் நம்பர்" என்ற கட்டத்தில் உங்கள் பிஓ எண்ணும் தேதியும் இருக்கும், இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஏனென்றால் எந்தப் பிஓவின் கீழ் சரக்கு அனுப்பினேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது, பழைய வழக்கம். இரண்டு மூன்று வருஷமாக 40, 44 நாளில் பணம் வாங்கி ஒருமுறைகூட வட்டி கேட்காமல் இருந்திருந்தால் அந்த லெட்ஜரை இணைத்துவிடுங்கள். வழக்கம் மட்டும் தனியாக நிற்காது, மற்ற இரண்டோடு சேர்த்தால் பலம்.

இன்னொரு காகிதம் இருக்கிறது, பேலன்ஸ் கன்பர்மேஷன். செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 தேதிக்கு உங்கள் ஆடிட்டர் கேட்டு, சப்ளையர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். அதில் வட்டி என்ற பேச்சே இல்லாமல் பாக்கித்தொகை மட்டும் இருந்தால், அந்தத் தேதியில் அவர் கணக்கில் வட்டி எதுவும் வரவேண்டியதாக இல்லை என்று காட்ட அது உதவும். சட்டப்படி அவர் வட்டியைக் கைவிட்டுவிட்டார் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆறு மாதம் கழித்து ஏன் திடீரென்று கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தலைகீழாகவும் இது நடக்கும். வட்டி சேர்த்த லெட்ஜரை அவர் அனுப்பி, உங்கள் பையன் பார்க்காமல் சீல் குத்திக் கொடுத்திருந்தால் நிலைமை கஷ்டம். அப்படி ஏதாவது போயிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பணம் போன தேதியைப் பற்றியும் ஒன்று. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்றால் யுடிஆர் எண்ணோடு பேங்க் ஸ்டேட்மென்ட் வரியை இணைத்தால் போதும். செக் என்றால் தகராறு வரும், அவர் லெட்ஜரில் பணம் கணக்கில் ஏறிய தேதி இருக்கும், உங்கள் லெட்ஜரில் செக் கொடுத்த தேதி இருக்கும். செக் பாஸ் ஆகிவிட்டால் கொடுத்த நாளையே பணம் கொடுத்த நாளாக எடுப்பது பொதுவான நிலை, ஆனால் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், வவுச்சரில் அவர் ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க வேண்டும். பின்தேதியிட்ட செக் இதில் வராது.

அதோடு சேர்ந்த இன்னொரு தந்திரம் உண்டு, பெரும்பாலும் பழைய சப்ளையர்கள் செய்வது. நீங்கள் 2 லட்சம் அனுப்புவீர்கள், அவர் அதில் முதலில் "வட்டி பாக்கி"யைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பில்லுக்கு வரவு வைப்பார். அடுத்த பில்லில் பாக்கி நிற்கும், அதற்கு மறுபடி வட்டி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59வது பிரிவுப்படி, எந்தக் கடனுக்கு இந்தப் பணம் என்று கொடுப்பவர் குறிப்பிட்டுச் சொல்லி, வாங்குபவர் அதை வாங்கிக்கொண்டால், அந்தக் கடனுக்குத்தான் வரவு வைக்க வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டால் 60வது பிரிவு, அவர் இஷ்டம். ஆகவே ஒவ்வொரு பேமென்டுக்கும் "பில் 118, 141க்கு முழுத்தொகை" என்று அன்றைக்கே ஒரு மெயில் போக வேண்டும். உங்கள் லெட்ஜரும் அவர் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிந்திருக்கும்.

டெபிட் நோட்டைப் பற்றி: தாமத வட்டி சரக்கின் விலையோடு சேர்ந்ததாக ஜிஎஸ்டி சட்டத்தில் இருப்பதால், அவர் வட்டிக்கு மேல் வரியும் போட்டிருப்பார், அது ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் பக்கம் வந்து நிற்கும். வந்த பில்களை ஏற்கவோ மறுக்கவோ அங்கே 2024 அக்டோபரிலிருந்து இருக்கிற `IMS` பக்கத்தில் போய் அதை ரிஜெக்ட் செய்யுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே போர்ட்டல் எடுத்துக்கொண்டு உங்கள் வரிக் கிரெடிட் பட்டியலான `GSTR-2B`யில் சேர்த்துவிடும். அக்கவுண்டன்ட் வழக்கம்போல மொத்தமாகக் கிரெடிட் எடுத்துவிட்டால், வட்டியை மறுக்கிறோம் என்று ஒரு கையால் எழுதி அதே வட்டியின் வரியை மறு கையால் எடுத்துக்கொண்ட கதை ஆகும், அவர் வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். கடிதம் போகும் நாளிலேயே ரிஜெக்டும் ஆகியிருக்கட்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கோபமும் வேண்டாம், நாளைக்கும் அவரிடம்தான் பெட்டி வாங்கப் போகிறீர்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"தங்கள் டெபிட் நோட் எண் ___, தேதி ___ கிடைத்தது. அதில் கேட்டுள்ள ரூ. 27,929 வட்டியை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் 02.06.2025 தேதியிட்ட பிஓவின்படி, சரக்கு எங்கள் ஆலையில் வந்த நாளிலிருந்து 45 நாள் கிரெடிட். தங்கள் பில்கள் நான்கிலும் இந்தப் பிஓ எண் குறிப்பிடப்பட்டுள்ளது. தங்கள் கணக்கில் கிரெடிட் நாள் கழிக்கப்படாமல் பில் தேதியிலிருந்து வட்டி போடப்பட்டுள்ளது. பில் வாரியான தேதிப் பட்டியலை இணைத்துள்ளோம். பில் 118, 141, 167 மூன்றுக்கும் கெடுவுக்குள் பணம் செலுத்தப்பட்டுள்ளது. பில் 167ன் சரக்கு குறித்து 04.08.2025 அன்று எழுத்தில் ஆட்சேபித்தோம், மாற்றுச் சரக்கு 18.08.2025 அன்று வந்தது. பில் 203க்கு மட்டும் 14 நாள் தாமதம், அதற்குச் சட்டப்படியான வட்டி ரூ. 1,389. டெபிட் நோட்டை ரத்து செய்து, இந்தத் தொகைக்குத் திருத்திய நோட் அனுப்பினால் உடனே செலுத்துகிறோம். எங்கள் தேதிகளில் ஏதாவது தவறு என்று கருதினால், பில் எண்ணோடு அதற்கான ஆவணத்தை அனுப்பவும். பில் அடியில் அச்சிட்டுள்ள 30 நாள், 24% நிபந்தனையை நாங்கள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை."

இணைப்பாகப் பட்டியல், பிஓ, அவர் கன்பர்மேஷன் மெயில், நாலு பில், ஜிஆர்என், 141க்கு இ-வே பில், 167க்கு ஆட்சேப மெயிலும் டெலிவரி சலானும், பேங்க் ஸ்டேட்மென்ட் வரிகள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காகிதம், அதற்கு மேல் ஒன்றும் வைக்க வேண்டாம். மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் இரண்டிலும் அனுப்புங்கள். "தேதி தவறு என்றால் ஆவணம் அனுப்பவும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பேச்சு அதற்குப் பிறகு தேதிகளைச் சுற்றித்தான் நடக்கும், "நீங்கள் எப்பவும் லேட்" என்ற பொதுப்பேச்சுக்கு இடம் இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் அரசின் ஆன்லைன் போர்ட்டல் வழியாக குறு, சிறு நிறுவன வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் ஒரு நாளும் சும்மா இருக்க வேண்டாம், இதே பட்டியலையும் இதே இணைப்புகளையும் பதிலாகக் கொடுங்கள். போகாமல் விட்டு, உங்களுக்கு எதிராக உத்தரவு வந்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கே உத்தரவுத் தொகையில் 75% முதலில் கட்டியாக வேண்டும். 27,929 ரூபாய் விவகாரத்தை அந்த அளவுக்கு அவர் இழுப்பாரா என்பது சந்தேகம்தான். பாக்கி அசல் ஏதாவது பெரிதாக நின்றால் இழுப்பார், அதனால் அசலில் தகராறு இல்லாத பாக்கியைக் கடிதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

1,389ஐக் கொடுக்கும்போது நெஃப்ட் குறிப்பிலும் மெயிலிலும் "பில் 203, 14 நாள் வட்டி மட்டும்" என்று எழுதுங்கள். 2006 சட்டத்தின் கீழ் கொடுக்கும் வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது, அதன் 23வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆடிட்டரிடம் தனியாகச் சொல்லி, பேங்க் சார்ஜ், இதர செலவு என்று எங்காவது கலந்துவிடாமல் தனித் தலைப்பில் போடச் சொல்லுங்கள்.